நாற்பது நிமிடத்தில் ஹேபர்மாஸும் புதுச்சேரியும்

"ஹேபர்மாஸின் பொதுவெளிக் கோட்பாடு காலனிய கால இந்தியாவுக்கு எந்த அளவுக்குப் பொருந்தும்? தகுந்த சான்றுடன் விமர்சன நோக்கில் ஆராய்க. 15 மதிப்பெண்."

என்னிடம் பாடம் கேட்க வரும் ஊடகவியல் பிள்ளைகளுக்குப் பயிற்சிக்காக நான் எழுதிக் கொடுத்த கேள்வி இது. இதே கேள்வி அப்படியே வராது. ஆனால் ஊடகக் கோட்பாட்டுத் தாளில் பெரிய கேள்வி என்றால் பெரும்பாலும் இந்த வார்ப்பில்தான் இருக்கும்: ஒரு அறிஞர், அவருடைய ஒரு கோட்பாடு, அவர் நினைத்துப் பார்க்காத ஒரு இடம், அங்கே அது செல்லுமா என்ற விசாரணை.

பிள்ளைகளுக்கு ஹேபர்மாஸ் தெரியும். லண்டன் காப்பிக்கடைகளைப் பற்றி இரண்டு பக்கம் மூச்சுவிடாமல் எழுதுவார்கள். அதில்தான் சிக்கல். விடைத்தாளை வாங்கிப் பார்த்தால் முக்கால்வாசி கோட்பாட்டின் சுருக்கம், கடைசியில் அவசர அவசரமாக "இந்தியாவில் நிலைமை வேறு" என்று நாலு வரி. கேட்டதே அந்த நாலு வரியைத்தான். திருத்துபவருக்கு ஹேபர்மாஸ் சொன்னது ஏற்கெனவே தெரியும். அதை வைத்து நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்க்கத்தான் "எந்த அளவுக்கு" என்று கேட்டிருக்கிறார்.

அதனால் இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு, கேள்வித்தாள் கைக்கு வந்ததிலிருந்து பேனாவை மூடுவது வரை எப்படிப் போகலாம் என்று எழுதிவிடுகிறேன். நேரில் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது.

முதலில் நேரக் கணக்கு. மூன்று மணி நேரம், 60 மதிப்பெண் தாள் என்று வைத்துக்கொள்வோம். 180 நிமிடத்தை அப்படியே 60ஆல் வகுத்து மதிப்பெண்ணுக்கு 3 நிமிடம் என்று எடுத்தால் ஏமாந்துபோவோம். கேள்வித்தாளை முழுக்கப் படித்து எதை எழுதுவது என்று தேர்ந்தெடுக்க, கூடுதல் தாள் வாங்கிக் கட்ட, கடைசியில் கேள்வி எண்களைச் சரிபார்க்க என்று ஒரு 15 நிமிடம் எப்படியும் போய்விடும். மிச்சம் 165 நிமிடம். மதிப்பெண்ணுக்கு இரண்டே முக்கால் நிமிடம். 15 மதிப்பெண் கேள்விக்கு 41 வருகிறது, 40 என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் தாளின் அமைப்பு வேறாக இருந்தால் எண்கள் மாறும், கணக்குப் போடும் முறை இதுதான். 25 மதிப்பெண் கட்டுரை என்றால் 69 நிமிடம்.

அந்த 40 நிமிடத்தையும் எழுதுவதற்கே வைத்துக்கொள்ள முடியாது. கேள்வியைப் படிக்க 3, திட்டம் போட 6, எழுத 28, திரும்பப் படிக்க 3. எழுத 28 நிமிடம் என்பது எத்தனை பக்கம் என்று உங்கள் கையைக் கேட்டால்தான் தெரியும். வீட்டில் ஒரு நாள் கோடு போட்ட தாளில், யோசித்து யோசித்து எழுதும் வேகத்தில், ஒரு பக்கம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். எட்டு நிமிடம் ஆகிறது என்றால் உங்களிடம் இருப்பது மூன்றரைப் பக்கம். அவ்வளவுதான் இடம். ஐந்து பக்கத்துக்கான விஷயத்தை மூன்றரைப் பக்கத்தில் ஆரம்பித்தால் எது கடைசியில் இருக்கிறதோ அது அடிபடும். நம் பிள்ளைகளின் விடைகளில் கடைசியில் இருப்பது எப்போதும் வாதம்தான்.

இப்போது அந்த முதல் மூன்று நிமிடம். கேள்வியில் நான்கு இடங்களில் கோடு போட வேண்டும். "எந்த அளவுக்கு" என்பது ஒரு அளவைக் கேட்கிறது. பொருந்தும், பொருந்தாது என்று ஒற்றை வார்த்தையில் முடிக்க முடியாது, இது பொருந்துகிறது, அது பொருந்தவில்லை என்று பிரித்துக் காட்ட வேண்டும். "காலனிய கால" என்பது எல்லை. இன்றைய டிவி விவாதங்களை எழுதினால் அந்தப் பக்கம் முழுக்க வீண். "சான்றுடன்" என்பது ஒரு நிஜமான பத்திரிகை, ஊர், ஆண்டு வேண்டும் என்கிறது. "விமர்சன நோக்கில்" என்றால் ஹேபர்மாஸைக் கேள்வி கேட்ட ஒருவராவது உள்ளே வர வேண்டும். இந்த நான்கும்தான் விடையின் நான்கு கால்கள். இதில் ஒன்று விட்டுப்போனால் மற்ற மூன்றையும் எவ்வளவு அழகாக எழுதினாலும் மேல்வரிசை மதிப்பெண் வராது.

அடுத்த ஆறு நிமிடம்தான் பிள்ளைகள் தர மறுக்கிற நேரம். பக்கத்து மேசையில் பேனா ஓடும் சத்தம் கேட்டதும் கை பரபரக்கும். லாஸ்பேட்டையிலிருந்து வரும் ஒரு பெண் சொன்னாள்: "அக்கா, ஆறு நிமிஷம்னா முக்கால் பக்கம். அதை எழுதாம உக்காந்திருக்கணுமா?" ஆமாம், உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த முக்கால் பக்கத்தை எழுதினால் அது கோட்பாட்டுச் சுருக்கத்தின் முக்கால் பக்கமாகத்தான் இருக்கும். ஏனென்றால் யோசிக்காமல் எழுத வருவது மனப்பாடம் மட்டும்தான்.

ஆறு நிமிடத்தில் செய்ய வேண்டியவை மூன்று. எந்தச் சான்று, அந்தச் சான்று கோட்பாட்டின் எந்த இடத்தில் இடிக்கிறது, அப்படியானால் என் பதில் என்ன. இதே வரிசையில். பதிலை முதலில் முடிவு செய்துவிட்டுச் சான்றைத் தேடுகிறவர்கள் சான்றை வளைத்துவிடுகிறார்கள்.

சான்றுக்கு நாம் புதுச்சேரியை விட்டு எங்கும் போக வேண்டியதில்லை. பாரதியார் ஆசிரியராக இருந்து நடத்திய 'இந்தியா' வார இதழ் 1906இல் சென்னையில் தொடங்கியது. 1908இல் அரசு கெடுபிடி இறுகியது. பதிவேட்டில் ஆசிரியராகப் பெயர் இருந்த சீனிவாசன் கைதானார். பாரதி புதுச்சேரிக்கு வந்தார், இதழும் பின்னாலேயே வந்தது. இங்கே நடந்தது பிரெஞ்சு ஆட்சி. பிரான்சின் 1881 ஜூலை 29 பத்திரிகைச் சட்டம் காலனிகளுக்கும் பொருந்தும் என்று அதிலேயே எழுதியிருந்தது. முன் அனுமதியோ காப்புத்தொகையோ இல்லாமல், அறிவிப்பு மட்டும் கொடுத்துப் பத்திரிகை நடத்தலாம் என்பது அதன் அடிப்படை. பிரிட்டிஷ் பக்கத்திலோ போக்கு நேர் எதிர். 1908இல் ஒரு பத்திரிகைச் சட்டம், அதன் பிறகு 1910 பத்திரிகைச் சட்டம். இரண்டாவது, புதிதாக அச்சகம் வைப்பவரிடம் 500 முதல் 2000 ரூபாய் வரை காப்புத்தொகை கேட்க வழி செய்தது.

ஆக, புதுச்சேரியில் அச்சடிக்கத் தடையில்லை. ஆனால் இதழை வாங்கிப் படித்தவர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தார்கள். இதழ் அங்கே நுழையக் கூடாது என்று தடை வந்தது. தபால் நின்றால் சந்தா நிற்கும், சந்தா நின்றால் பத்திரிகை நிற்கும். 1910இல் நின்றது.

இந்தக் கதை எல்லாருக்கும் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். தேசபக்திக் கதையாகத் தெரியும். அதை ஊடகக் கோட்பாட்டுக் கேள்விக்குச் சான்றாக மாற்ற வேண்டுமானால் ஒரு காரியம் செய்ய வேண்டும்: கோட்பாடு வெளியே சொல்லாமல் உள்ளே வைத்திருக்கும் அனுமானத்தைத் தேட வேண்டும்.

ஹேபர்மாஸ் பொதுவெளி பற்றிய தன் நூலை 1962இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார், ஆங்கிலத்தில் 1989இல்தான் வந்தது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் காப்பிக்கடைகளிலும் பிரான்சின் சலோன்களிலும் ஜெர்மனியின் வாசகக் கூட்டங்களிலும் தனிமனிதர்கள் ஒன்றுகூடி, அந்தஸ்தை ஒதுக்கிவைத்துவிட்டு, பொது விஷயங்களைக் காரணகாரியத்தோடு விவாதித்தார்கள் என்கிறார். அந்த விவாதத்தில் பிறந்த பொதுக்கருத்து அரசைப் பதில் சொல்ல வைத்தது. பத்திரிகைகள் அந்த விவாதத்துக்குத் தீனி போட்டன.

இதில் வெளிப்படையாகச் சொன்னவை மூன்று: எல்லாரும் வரலாம், அந்தஸ்து பார்க்கப்படாது, பொது விஷயம் பேசப்படும். சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. பேசுகிற மக்களும், அவர்கள் யாரைப் பார்த்துப் பேசுகிறார்களோ அந்த அரசும், பத்திரிகை அச்சாகும் ஊரும், அதைக் காக்கும் சட்டமும் எல்லாம் ஒரே நாட்டுக்குள் இருக்கின்றன. லண்டனில் அச்சடித்து லண்டனில் படித்து லண்டனில் இருக்கும் பாராளுமன்றத்தைக் கேள்வி கேட்டார்கள். அப்படி இருந்ததால் இதைத் தனியாகச் சொல்லவேண்டிய தேவையே எழவில்லை.

புதுச்சேரியில் அது உடைகிறது. அச்சகமும் அதற்குக் காப்பான சட்டமும் பிரெஞ்சு. வாசகர்களும் அவர்கள் கேள்வி கேட்ட அரசும் பிரிட்டிஷ். நடுவில் ஒரு தபால் பை. அந்தப் பையை நிறுத்தினால் போதும், ஆசிரியரைக் கைது செய்யக்கூடத் தேவையில்லை.

இந்த இடம் கிடைத்துவிட்டால் பதில் தானாக வரும். என் திட்டத் தாளில் அது இப்படி இருக்கும், கோணல்மாணலாக, சுருக்கெழுத்தில்:

பதில்: விவாதம் இருந்தது, அதுவரை பொருந்துகிறது. ஒரே அரசு என்ற அனுமானம் பொருந்தவில்லை.
கோட்பாடு: 1962, மூன்று பண்பு, சொல்லாத நாலாவது.
சான்று: இந்தியா, 1906 / 08 / 10. 1881 சட்டம். தபால்.
படிப்பறிவு: 1911. வாசித்துக் காட்டல், கேலிச்சித்திரம், கடற்கரைக் கூட்டம்.
எதிர்: ஃப்ரேசர் 1990, 2007.
முடிவு: பயன் உண்டு, திருத்தி.

ஆறு வரி. இதைத் தமிழில் போடுவதா ஆங்கிலத்தில் போடுவதா என்று கேட்பார்கள். விடை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களாக இருந்தாலும் திட்டத்தைத் தமிழில்தான் போடச் சொல்வேன். யோசனை எந்த மொழியில் ஓடுகிறதோ அந்த மொழியில் திட்டம் இருந்தால், பாடநூலில் இருந்த ஆங்கில வாக்கியம் அப்படியே வந்து உட்காராது. விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் எழுதி, முடித்ததும் ஒரு குறுக்குக் கோடு போட்டுவிடுங்கள்.

எழுத 28 நிமிடம். இதைச் சமமாகப் பிரிக்கக் கூடாது. முன்னுரைக்கு 3, கோட்பாட்டுக்கு 6, சான்றுக்கு 11, விமர்சனத்துக்கு 6, முடிவுக்கு 2. பக்கக் கணக்கில் சொன்னால் கோட்பாட்டுக்கு முக்கால் பக்கம், சான்றுக்கு ஒன்றே கால் பக்கத்துக்கும் கொஞ்சம் மேல். "கோட்பாட்டுத் தாளில் கோட்பாட்டுக்கு ஆறே நிமிடமா?" என்று பதறுவார்கள். கோட்பாடு அந்த ஆறு நிமிடத்தோடு முடியவில்லை. சான்றை எழுதும்போது ஒவ்வொரு பத்தியிலும் அதன் ஒரு பண்பைத் தொட்டுத்தான் எழுதப்போகிறீர்கள். தனியாகச் சொல்வதை மட்டும் குறைக்கிறோம்.

முன்னுரையில் பதில் இருக்க வேண்டும். ஊடகம் என்றால் என்ன, ஹேபர்மாஸ் எங்கே பிறந்தார் என்று தொடங்குவதற்கு இங்கே இடமில்லை. இந்தக் கேள்விக்கு நான் எழுதினால் இப்படித் தொடங்குவேன்:

"பொதுவெளி என்பதை மக்கள் கூடிப் பொது விஷயங்களை விவாதிக்கும் களம் என்று மட்டும் கொண்டால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்தில் அது உருவாகிக்கொண்டிருந்தது என்று சொல்ல முடியும். ஆனால் ஹேபர்மாஸின் பொதுவெளி, வாசகர்களும் அச்சகமும் அரசும் ஒரே நாட்டுக்குள் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. 1908 முதல் 1910 வரை புதுச்சேரியில் அச்சான 'இந்தியா' இதழ் அந்த அனுமானத்துக்கு வெளியே நின்றது. எனவே கோட்பாடு விவாதத்தை விளக்கும் அளவுக்குப் பொருந்துகிறது, அந்த விவாதம் எப்படி அறுபட்டது என்பதை விளக்கப் போதவில்லை என்று இக்கட்டுரை வாதிடுகிறது."

நான்கு வாக்கியம், மூன்று நிமிடம். இதைப் படித்த உடனே திருத்துபவருக்கு இந்தப் பிள்ளை எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், எழுதுகிற உங்களுக்குத் தெரிந்துவிடும். பாதியில் நேரம் போய்விட்டாலும் பதில் ஏற்கெனவே தாளில் இருக்கிறது.

சான்றுப் பகுதியில்தான் பிள்ளைகள் கதை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். பாரதி ரயிலேறினார், ஒற்றர்கள் பின்தொடர்ந்தார்கள், யானை, வறுமை, குயில் தோப்பு. எல்லாம் மனதுக்கு நெருக்கமான விஷயங்கள்தான். ஆனால் ஒவ்வொரு தகவலும் எழுதப்படும்போது கோட்பாட்டின் ஏதாவது ஒரு பண்புக்குச் சாட்சி சொல்ல வேண்டும், சொல்லவில்லை என்றால் வெட்டிவிட வேண்டும். 1881 சட்டம் சாட்சி சொல்கிறது: பொதுவெளிக்குச் சட்டப் பாதுகாப்பு தேவை, அது கிடைத்தது, ஆனால் வேறொரு அரசிடமிருந்து கிடைத்தது. தபால் தடை சாட்சி சொல்கிறது: அந்தப் பாதுகாப்பு அச்சகத்தின் வாசலோடு நின்றுவிட்டது, வாசகர் வரை போகவில்லை. குயில் தோப்பு எதற்கும் சாட்சி சொல்லாது.

சான்றிலேயே இன்னொரு பத்தி படிப்பறிவுக்கு. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் நூற்றுக்குச் சுமார் ஆறு பேர்தான் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். அப்படியானால் பத்திரிகையை நம்பிய பொதுவெளி என்று பேசுவதே சரியா என்ற கேள்வியை நீங்களே கேட்டு நீங்களே பதில் சொல்ல வேண்டும். ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் வழக்கம் இங்கே இருந்தது. 'இந்தியா' அரசியல் கேலிச்சித்திரங்களைப் பெரிய அளவில் போட்டது, அதற்கு எழுத்துக்கூட்டத் தெரிய வேண்டியதில்லை. சுதேசிக் காலத்தில் கடற்கரைக் கூட்டங்கள் நடந்தன. 1907இல் விபின சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் பேசியதை ஒரு வரியில் குறிப்பிடலாம். தமிழ் மேடைப்பேச்சை ஆராய்ந்த பெர்னார்ட் பேட் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவர் மறைவுக்குப் பின் 2021இல் வந்த நூலில், நம் பொதுப்பேச்சின் வேர்களைப் புராட்டஸ்டண்ட் பிரசங்கம் வரை கொண்டுபோகிறார். அவர் பெயர் தெரிந்தால் இங்கே ஒரு வாக்கியம் போதும். ஹேபர்மாஸின் பொதுவெளி படிக்கும் மக்களின் வெளி, இங்கே உருவானது கேட்கும் மக்களும் சேர்ந்த வெளி. "எந்த அளவுக்கு" என்ற கேள்விக்கு இது இரண்டாவது பதில்.

இந்தப் பத்தியில் ஒரு எச்சரிக்கை. கேட்டவர்கள் விவாதித்தார்கள், மனம் மாறினார்கள் என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள். வாசித்துக் காட்டும் வழக்கம் இருந்ததற்கும், அந்த இதழைக் கேட்டு இன்ன கருத்து உருவானது என்பதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. "கேட்கும் மக்களுக்கும் இது எட்டியிருக்க வாய்ப்புண்டு" என்பதோடு நிறுத்திக்கொண்டால் திருத்துபவர் உங்களை நம்புவார். அதேபோல் விற்பனை எண்ணிக்கை. எங்கேயோ படித்த எண் அரைகுறையாக நினைவில் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு தப்பான எண் பக்கத்திலிருக்கும் சரியான மூன்று ஆண்டுகளையும் சந்தேகப்பட வைக்கும்.

விமர்சனப் பகுதிக்கு நான்கு பேரை இழுத்து வர வேண்டாம், நான்சி ஃப்ரேசர் ஒருவர் போதும். 1990இல் அவர் எழுதிய கட்டுரை எல்லாப் பாடத்திலும் இருக்கிறது: எல்லாரும் வரலாம் என்று சொன்ன வெளியில் பெண்களுக்கும் உழைப்பாளிகளுக்கும் இடமில்லை, பொதுவெளி ஒன்றல்ல பல, ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்கென்று எதிர்ப் பொதுவெளிகளை உருவாக்கிக்கொள்கிறார்கள். இதை மட்டும் எழுதினால் நல்ல விடை. ஆனால் அவர் 2007இல் மறுபடியும் எழுதினார். ஹேபர்மாஸ் மட்டும் இல்லை, அவரை விமர்சித்த நானும் சேர்த்துத்தான் எல்லாவற்றையும் ஒரு தேச அரசின் எல்லைக்குள் வைத்து யோசித்துவிட்டோம் என்ற பொருளில். உலகமயமான காலத்தை நினைத்து அவர் அதைச் சொன்னார். அதே பிரச்சினை நூறு வருடத்துக்கு முன்பே புதுச்சேரியில் நடந்து முடிந்திருக்கிறது என்று காட்டினால், உங்கள் சான்றும் விமர்சனமும் ஒரே புள்ளியில் வந்து சேர்ந்துவிடும். இந்த ஒரு இணைப்புக்காகவே நான் இந்தச் சான்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன்.

1990 கட்டுரையையும் சும்மா சொல்லிவிட்டுப் போகக் கூடாது. 'இந்தியா' இதழின் வெளிக்குள் யார் இருந்தார்கள்? நடத்தியவர்கள் படித்த, பெரும்பாலும் பிராமண ஆண்கள். அவர்கள் அந்நிய அரசைப் பொறுத்தவரை எதிர்ப் பொதுவெளி, நம் சமூகத்துக்குள் பார்த்தால் மேலிருந்து பேசியவர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. இதை இரண்டு வாக்கியத்தில் எழுதும் பிள்ளை ஃப்ரேசரைப் புரிந்துகொண்டிருக்கிறது என்று எந்தத் திருத்துபவருக்கும் தெரியும்.

ஒரு பையன் கேட்டான்: "அக்கா, இதழ் நின்னுபோச்சுன்னா பொதுவெளி தோத்துப்போச்சுன்னு முடிச்சிடலாமா?" அருமையான கேள்வி. தோற்றது இதழின் விநியோகம். பேச்சு வேறு வழிகளில் போனது. இதே ஊரில் 1934இல் வ. சுப்பையா 'சுதந்திரம்' என்ற இதழைத் தொடங்கினார். அப்போது கேள்வி கேட்கப்பட்டது பிரெஞ்சு ஆட்சியும்தான். அதாவது வாசகர், அச்சகம், அரசு மூன்றும் ஒரே எல்லைக்குள் வந்துவிட்டன, ஹேபர்மாஸ் நினைத்த அமைப்புக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. நேரம் இருந்தால் முடிவுக்கு முன் இதை ஒப்பீடாக இரண்டு வரி எழுதலாம். நேரம் இல்லையென்றால் முதலில் வெட்ட வேண்டியது இதைத்தான். எதை வெட்டுவது என்று திட்டத்திலேயே ஒரு நட்சத்திரக் குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் தப்பிப்போவதைக் கண்டுபிடிக்க இரண்டு இடத்தில் கடிகாரம் பார்த்தால் போதும். 40 நிமிடத்தில் 18ஆவது நிமிடம் வரும்போது சான்றின் முதல் வரி எழுதியிருக்க வேண்டும். 9 நிமிடம் படித்துத் திட்டம் போட்டது, 3 முன்னுரை, 6 கோட்பாடு, கூட்டினால் 18. அப்போதும் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தால் வாக்கியத்தை முடித்துவிட்டு எழுந்துவிடுங்கள். சலோன் விட்டுப்போனால் பரவாயில்லை. அடுத்தது 35ஆவது நிமிடம். அப்போது எங்கே இருந்தாலும் அந்தப் பத்தியை நிறுத்தி, மூன்று வரி இடம் விட்டு, முடிவை எழுதிவிட வேண்டும். முடிவு எழுதிய பிறகு நேரம் மிஞ்சினால் விட்ட இடத்துக்குப் போய் நிரப்பலாம். முடிவு இல்லாத விடையைவிட நடுவில் மெலிந்த விடை எவ்வளவோ மேல்.

முடிவில் முன்னுரையைத் திருப்பி எழுதாதீர்கள். கோட்பாட்டை எப்படித் திருத்தினால் இந்தச் சான்றுக்கும் பொருந்தும் என்று சொல்லுங்கள்: பொதுவெளிக்கு விவாதமும் சட்டப் பாதுகாப்பும் மட்டும் போதாது, அந்தப் பாதுகாப்பு விநியோகப் பாதை முழுக்க நீள வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்க்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் மூன்று வரி.

இந்தச் சான்று எல்லாக் கேள்விக்கும் உதவும் என்று நினைத்துக்கொண்டு எங்கும் பாரதியைக் கொண்டுபோகவும் கூடாது. நிகழ்ச்சிநிரல் அமைப்புக் கோட்பாடு பற்றிக் கேள்வி வந்தது என்று வையுங்கள். மெக்கோம்ஸும் ஷாவும் 1968 அமெரிக்கத் தேர்தலின்போது சேப்பல் ஹில் என்ற ஊரில் இன்னும் முடிவெடுக்காத 100 வாக்காளர்களிடம் எது முக்கியப் பிரச்சினை என்று கேட்டார்கள், செய்திகள் எதற்கு முக்கியத்துவம் தந்தன என்பதையும் அளந்தார்கள், இரண்டையும் ஒப்பிட்டு 1972இல் வெளியிட்டார்கள். அந்தக் கோட்பாட்டுக்குச் சான்று என்றால் இரண்டு பக்கமும் வேண்டும்: ஊடகம் என்ன போட்டது, மக்கள் எதை முக்கியம் என்றார்கள். 'இந்தியா' இதழைப் பொறுத்தவரை முதலாவது நம் கையில் இருக்கிறது, இரண்டாவது இல்லை. 1909இல் வாசகர்களிடம் யாரும் கருத்துக்கணிப்பு எடுக்கவில்லை. அங்கே இதைப் போட்டால், இதழ் இதைப் பற்றி எழுதியது, ஆகவே மக்கள் இதை நினைத்தார்கள் என்று தாவ வேண்டிவரும். அந்தத் தாவலுக்கு மதிப்பெண் கிடையாது. ஒரு கோட்பாடு எந்த மாதிரிச் சாட்சியத்தைக் கேட்கிறது என்று பார்த்துத்தான் உதாரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் பக்கத்தில் இதை ஒரு வரியில் இப்போதே உங்கள் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால், அந்த ஆறு நிமிடத்தில் இரண்டு மிச்சமாகும்.

கடைசி மூன்று நிமிடம், திரும்பப் படிக்க. முழுக்கப் படிக்க நேரம் போதாது, மூன்று விஷயத்துக்காக மட்டும் கண்ணை ஓட்டுங்கள். ஆண்டுகள் சரியா; 1908 எழுத வேண்டிய இடத்தில் 1980 விழுந்திருக்கும், பரபரப்பில் இது சகஜம். பெயர்கள் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கின்றனவா. பிறகு ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியம்: அதை மட்டும் படித்தால் வாதம் புரிகிறதா, இல்லை "மேலும்" என்று தொடங்கி எங்கேயோ தொங்குகிறதா. தொங்கினால் "மேலும்" என்பதை அடித்துவிட்டு, "இந்த அனுமானம் புதுச்சேரியில் உடைகிறது" என்பது போல அந்தப் பத்தியின் வேலையைச் சொல்லும் நாலு வார்த்தையை மேலே எழுதுங்கள்.

அடுத்த ஞாயிறு வருகிறவர்கள் இந்தக் கேள்விக்கே இன்னொரு சான்றை வைத்து ஆறு வரித் திட்டம் ஒன்று போட்டுக்கொண்டு வாருங்கள். இலங்கைப் பத்திரிகையாக இருந்தாலும் சரி, மலேயாத் தமிழ்ப் பத்திரிகையாக இருந்தாலும் சரி. வாசகர் எங்கே, அச்சகம் எங்கே, அரசு எது என்று மூன்றையும் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.